அட்டியல் வெள்ளியான அல்பம்

அன்று ஸ்ரூடியோவில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். முதலாளி அண்ணை, நான், பெண்ணின் தாய், கனடாவில் இருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தமக்கை. பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லை. அவர்கள் விசா அலுவலாகக் கொழும்பில் நின்றார்கள். பெண்ணின் தகப்பனும் வரவில்லை. தங்கள் ஊரான மடத்துவெளியில் இருந்து பஸ் ஏறும்போதே, அல்பத்துக்காகச் சண்டை பிடிக்கத் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டாராம். சண்டை பிடிக்கத்தான் போகிறோம் என்பது வீட்டிலேயே முடிவாகியிருந்தது.

தாய் கதிரையில் இருக்கவில்லை. அல்பத்தை மேசையில் வைத்து, நடுப்பக்கத்தை விரித்து, என் பக்கம் திருப்பினார்.

"இதைச் செய்தது ஆர்?"

நான்தான் என்றேன்.

அந்தப் பக்கத்தில் பெண் ஊதாநிறச் சேலையில் வரவேற்பு மேடையில் நிற்கிறாள். கழுத்தில் அட்டியல், காதில் தோடு, கையில் காப்புகள். எல்லாம் வெள்ளி. தாலிக்கொடி மட்டும் தங்கம்.

நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். வரவேற்புக்கு ஊதாச் சேலையும் வெள்ளி நகையும் என்று தமக்கை கனடாவிலேயே தீர்மானித்து, ஒரு வெள்ளி நகைத் தொகுதியும் வாங்கி வந்திருந்தார். பெண்ணின் தாய் அந்தப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. தன் மகள் வெள்ளியைப் போட்டுக்கொண்டு சனத்துக்கு முன்னால் மேடையேற மாட்டாள் என்று மண்டபத்து உடுப்பு மாற்றும் அறையில் நின்று சொல்லியிருக்கிறார். பெண் தங்கத்தோடுதான் மேடைக்கு வந்தாள். அன்று படம் எடுத்தது அண்ணை. விளக்குப் பிடித்தது நான். தமக்கையின் முகம் இருந்த இருப்பைக் கண்டு, அவரைக் குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பாட்டினோம்.

கலியாணம் முடிந்த கிழமை அவர் ஸ்ரூடியோவுக்கு வந்தார். அல்பத்துக்குக் காசு கட்டுவது அவர்தான். வரவேற்புப் படங்களில் நகை வெள்ளியாக வேண்டும், மண்கும்பான் கடற்கரையில் எடுத்தவற்றில் றோஸ் கோல்ட் ஆக வேண்டும் என்றார். "தாலிக்கொடியைத் தொடாதையும், தம்பி. அது எங்கட" என்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டார் செய்வது. மற்ற நகை பெண் வீட்டார் போடுவது. அவர் சொல்லாவிட்டாலும் நான் தாலியைத் தொட்டிருக்க மாட்டேன். தாலியின் நிறத்தை மாற்ற எந்தத் தமிழனுக்குக் கை வரும்?

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. உயர்தரம் எழுதி, யாழ்ப்பாணத்தில் கம்பியூட்டர் டிசைன் படித்து வந்து வேலணையில் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது, எதையும் அரைகுறையாகச் செய்யக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அதனால் அந்த அட்டியலிலும் முழு மனதாக வேலை செய்தேன்.

தங்கத்தை வெள்ளியாக்குவது பலர் நினைப்பது போல மஞ்சளை எடுத்துவிடும் வேலையல்ல. மஞ்சளை மட்டும் எடுத்தால் வருவது வெள்ளியல்ல, அலுமினியச் சட்டி. முதலில் நகையின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, தோலில் இருந்தும் சேலையில் இருந்தும் அதைப் பிரிக்க வேண்டும். நிறத்தை வைத்துத் தெரிவு செய்யச் சொன்னால் கம்பியூட்டர் கன்னத்தையும் சேலைக் கரையையும் சேர்த்துப் பிடித்துவிடும். தாலிக்கொடி அட்டியலுக்குக் கீழாகப் போன இடத்தில் ஒவ்வொரு கண்ணியாகக் கையால் பிரித்தேன். பிறகு நிறத்தைத் தனியாக மாற்றி, வெளிச்சத்தையும் நிழலையும் விழுந்த இடத்திலேயே விட வேண்டும். சித்திர வேலை தெரிவது நிறத்தால் அல்ல. வெட்டுக்குள் விழும் நிழலாலும் அதன் விளிம்பில் படும் வெளிச்சத்தாலும்தான். வெள்ளிக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட நடுநிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, நிழலை இறுக்கினால், தங்கத்தில் மங்கிக் கிடந்த கோடுகூட எழுந்து வரும்.

அடுத்தது பிரதிபலிப்பு. தங்கம் தன்னில் விழுகிற எல்லாவற்றையும் தன் நிறமாக்கிவிடும்; ஊதாச் சேலை அதில் மண்நிறமாகத்தான் தெரியும். வெள்ளி அப்படியல்ல, எதிரில் இருப்பதை அதன் நிறத்திலேயே காட்டும். ஆகவே பதக்கத்தின் கீழ்ப்பக்கத்தில் சேலை விழுந்த இடமெல்லாம் மெல்லிய ஊதாவைப் பூசினேன். தாடையின் கீழ் தங்கம் அடித்த மஞ்சள் ஒளியையும் எடுத்தேன். கடற்கரைப் படங்கள் இன்னும் கரைச்சல். றோஸ் நிறம் தோல் நிறத்துக்குக் கிட்ட வருவதால், மாலை வெயிலில் காப்பு கையோடு கரைந்து போனது. நிழலைச் செம்மண்ணிறமாக ஆழப்படுத்தி, மினுங்கும் இடங்களை வெண்மையாகவே விட்ட பிறகுதான் காப்பு காப்பாக நின்றது.

அண்ணை பார்த்துவிட்டு, கமராவே இப்படித்தான் எடுத்தது என்று ஆரும் சத்தியம் செய்வார்கள் என்றார். அப்படித்தான் செய்தார்கள்.

தமக்கை அல்பப் பக்கங்களைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்த அட்டியல் மடத்துவெளியில் எல்லாருக்கும் தெரிந்த சாமான். பதக்கத்தில் இரண்டு அன்னம் முகம் பார்த்து நிற்கும். சுற்றிக் கொடி ஓடும். சொந்தக்காரப் பெட்டைகள் எத்தனையோ பேர் இரவல் வாங்கிக் கட்டிக் கலியாணம் முடித்திருக்கிறார்கள். அன்னத்தைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் இது அதுதான் என்று தெரிந்துவிட்டது. அது ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதற்குச் சனம் தானே காரணம் கண்டுபிடித்தது: அட்டியல் ஆதியிலேயே வெள்ளிதான், மேலே முலாம் பூசி இவ்வளவு காலம் ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள், இப்போது முலாம் கழன்றுவிட்டது. கலர் மாற்றிய படம் என்று ஒருவர் எழுத, அப்படியென்றால் தாலிக்கொடி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டாராம். அதோடு கலர்க் கதை எடுபடாமல் போனது. அடுத்த மாதம் தன் மகளின் கலியாணத்துக்கு அட்டியலை இரவல் கேட்டிருந்த, தாயின் சுவிஸ் மச்சாள், வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதெல்லாவற்றையும் பெண்ணின் தாய் நின்றபடியே சொன்னார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் தாய் போட்ட நகை தங்கம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

"அன்ரி, நான் அதில ஒரு கோடும் அழிக்கேல்லை" என்றேன். அதைச் சொன்னால் அவர் ஆறுவார் என்று உண்மையாகவே நினைத்தேன்.

"அதுதானே பிழை. அன்னத்தை அழிச்சிருந்தா, இது வேற ஆற்றையோ நகையெண்டாவது சொல்லியிருப்பன். கோடெல்லாத்தையும் வைச்சுக்கொண்டு தங்கத்தை மட்டும் எடுத்திருக்கிறீர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கட வீட்டில ஒரு பவுண் கிடந்திருந்தா உமக்கு விளங்கியிருக்கும்."

தமக்கை சுவரில் சாய்ந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய் அவர் பக்கம் திரும்பினார்.

"நீர் வேணுமெண்டுதானே தாலிக்கொடியை மட்டும் விடச் சொன்னனீர்?"

"தாலியையும் வெள்ளியாக்கச் சொல்லியிருந்தா அதுக்கும் வந்து கத்தியிருப்பியள், மாமி."

"கத்தியிருப்பன். ஆனா நீங்கள் தங்கம் போட்டது, நாங்கள் வெள்ளி போட்டது எண்டு ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம்."

"நான் ஆசையா வாங்கிக்கொண்டு வந்த செட்டைப் பெட்டியோட திருப்பி அனுப்பினனீங்கள். அதுக்கு எனக்கு ஆர் என்ன சொன்னவை?"

குழுவில் இருந்து படங்களை எடு என்றார் தாய். எடுத்தால் இன்னும் கதை கூடும் என்று தமக்கை மறுத்தார். அப்படியென்றால் நகைக்குக் கலர் மாற்றியது என்று எழுது என்றார் தாய். முதல் நாளே எழுதிவிட்டதாகவும் சனம் நம்பாததற்குத் தான் பொறுப்பில்லை என்றும் தமக்கை சொன்னார். எழுதியது உண்மைதான். ஒரு சிரிக்கும் முகத்தோடு எழுதியிருந்தார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். கமராவில் எடுத்தபடியே மூலப்படம் இருக்கிறது, சுவிஸ் மச்சாளுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் கமராத் திரையிலேயே காட்டுவோம் என்றேன். தாய்க்கு அது பிடித்தது. நல்ல காலம், அண்ணை கமராவின் மெமரி கார்ட்டை இன்னும் துடைக்கவில்லை. அழைப்பு எடுத்தோம். நான் கமராவைப் போனுக்கு முன்னால் பிடித்து, அன்னங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். மஞ்சளாக, சேலையின் ஊதா மண்நிறமாக விழுந்தபடி.

மச்சாள் போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"தம்பி நல்ல கெட்டிக்காரன். கமராவுக்குள்ளயும் மஞ்சளாக்கிப் போட்டான்" என்றார்.

அப்படி மாற்ற ஏலாது என்று நான் விளக்கத் தொடங்க, அவர் அதை விடு என்று சிரித்து, அவ்வளவு சந்தேகம், ஐமிச்சம் என்றால் யாழ்ப்பாணத்தில் நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோய்த் தங்கமா என்று கல்லில் உரைத்துப் பார்க்கலாமே என்றார். ஐமிச்சப்பட்டது அவர், உரைக்கச் சொன்னது இவரை.

தாய் போனை வாங்கி நிறுத்தினார். அண்ணை மெதுவாக, அவ சொல்வதும் சரிதானே, ஒருக்கால் உரைத்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்றார். சொல்லியிருக்கக் கூடாது.

"என்ர அம்மான்ர கழுத்தில கிடந்ததை இவளவைக்காகக் கல்லில தேய்க்கக் குடுக்கமாட்டன்."

பிறகு அவர் முதல்முறையாகக் கதிரையில் இருந்தார். இதே படங்களைத் தங்கமாகவே வைத்து அல்பத்தை மாற்றித் தரும்படி கேட்டார். அண்ணை அல்பத்தைத் தூக்கி முதுகைக் காட்டினார். தாள்கள் தடித்த அட்டையில் ஒட்டி ஒன்றாகக் கட்டியவை. ஒரு பக்கத்தைக் கழற்றி மாற்ற வழியில்லை, முழுப் புத்தகமாகத்தான் திரும்ப அடிக்க வேண்டும். பிழை ஸ்ரூடியோவினுடையது அல்ல, சொன்னதைத்தான் செய்தோம், ஆகவே முழு விலையும் வரும் என்றார். தமக்கை, தன்னுடைய அல்பத்தில் தனக்குக் குறையில்லை, இரண்டாவதற்குத் தான் ஒரு சதமும் தரமாட்டேன் என்று சொல்லி, வெள்ளி அல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஓட்டோ புறப்படும் சத்தம் கேட்டது.

"தங்கமா அடிச்சாலும் சனம் கம்பியூட்டர் எண்டுதானே சொல்லப்போகுது, அன்ரி" என்றேன். அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன்.

"சொல்லட்டும். என்ர வீட்டு அலுமாரியில வெள்ளி கிடக்காது."

அடுத்த கிழமை தகப்பன் வந்தார், தனியாக. புதிய அல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் என்னைக் கொண்டு திருப்பிப் பார்த்தார். கடற்கரைப் படங்களில் காப்பு மஞ்சள்தானா என்று இரண்டு தரம் கேட்டார். நான் எதையும் தொடவில்லை, கமராவில் வந்தபடி இருக்கிறது என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. மடியில் இருந்த காசு உறையை எடுத்து மேசையில் போட்டார். அண்ணை ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அவரும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எழுபத்தெட்டாயிரம் ரூபாய்.