வேண்டாம் என்றவருக்கு ஒரு கடிதம்

ஆஸ்பத்திரிக் கத்தி, கத்தரிக்கோல்களை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். பட்டப்பெயர் ஆவிக்காரர். இப்போது நிஜமாகவே ஆவியாகிவிட்டார் என்றால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

அவருடைய மூன்று வாடிக்கை ஆஸ்பத்திரிகளில் ஒன்றை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்காவிட்டால் பட்டறையைக் காலி செய்ய வேண்டியதுதான். கேட்க மிச்சமிருந்தது ஒரே இடம்: ஒரு வருஷம் முன்பு அவரை வேண்டாம் என்ற பெரிய ஆஸ்பத்திரி.

அன்று அங்கே தலைமை நர்ஸ், "உங்க அழுத்தமானியைச் சோதிச்ச சான்றிதழ் எங்கங்க?" என்று கேட்டார்.

"அழுத்தம் சரியான்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவேம்மா."

"அப்படின்னா வேண்டாங்க."

அதோடு வந்திருக்கலாம். "சான்றிதழ் வந்து வால்வை முடுக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

இப்போது கடிதம் எழுத உட்கார்ந்தவர், 'எங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதில் பெருமகிழ்ச்சி' என்று ஆரம்பித்தார். எஞ்சினியரான அவர் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அவங்களுக்கு உங்களை நல்லாவே தெரியும். பிரச்சினையே அதுதான்."

"ஒரு வருஷத்துல மறந்திருப்பாங்கடி."

"வால்வை முடுக்குமான்னு கேட்டதையா?"

அடுத்து, தன் பக்க நியாயத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதினார். மகள் மொத்தத்தையும் கோடு போட்டு அடித்தாள். "இது வேலை கேக்குற லெட்டரா, சண்டையோட ரெண்டாவது ரவுண்டா?"

மூன்றாவது இப்படி வந்தது:

'போன வருஷம் உங்களிடம் வேலை கேட்டேன். சான்றிதழ் இல்லை என்று மறுத்தீர்கள். மறுத்தது சரி. கிளம்பும்போது நான் பேசியது தப்பு. இப்போது என் மானிகளை ஆய்வகத்தில் சோதித்துவிட்டேன். சான்றிதழ் நகல் இணைத்திருக்கிறேன். கட்டணம் மாறவில்லை. இன்னும் தனி ஆள்தான். ஒரே ஒரு இயந்திரத்தை மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பீர்களா? முடியாதென்றால் ஒரு வரி போதும். மறுபடி எழுத மாட்டேன்.'

மகள் தலையாட்டினாள். அவர் பேனாவை வைக்கவில்லை. 'சோதனையில் ஒரு மானி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்' என்று சேர்த்தார்.

"அய்யோ அப்பா, கெடுத்தீங்க. இதை யாரு கேட்டா?"

"அவங்கதான் கேட்டாங்க, போன வருஷமே. இதை முழுங்கிட்டு 'மறுத்தது சரி'ன்னு எழுதினா சும்மா சோப்பு போடுறதுதானே."

நாலாம் நாள் தலைமை நர்ஸே போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கூடுதலா காட்டுச்சுன்னா, உள்ள அழுத்தம் பத்தாம கிருமி சாகாம இருந்திருக்கும். அந்த மானியை எங்கெல்லாம் வெச்சீங்க?"

"இப்ப பாக்குற ரெண்டு இடத்துலயும்மா. போய் விஷயத்தைச் சொல்லி, எல்லா மெஷினையும் திரும்ப அளந்து சரிபண்ணிக் கொடுத்துட்டேன். மூடின இடத்து டாக்டருக்கும் சொல்லிட்டேன்."

"திட்டினாங்களா?"

"ஒருத்தர் நல்லாவே. நியாயந்தானேம்மா."



"ஒரு மெஷின். மூணு மாசம். ஒவ்வொரு தடவை அளந்ததும் எழுதி என் மேஜைக்கு வரணும். வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை போனார். அங்கே மொத்தம் ஐந்து இயந்திரங்கள். கடைசிவரை ஐந்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.