மூச்சை விட்டுப் பேசிய பகவதியம்மாள்

பகவதியம்மாளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. பயப்படாமல் என்ன செய்வாள்? ஐந்து வருஷம் புருஷனிடம் அடி வாங்கி, தேரூரில் அண்ணன் கோலப்பன் வீட்டுக்கு ஓடி வந்தவள். ‘இந்த வேலை கிடைக்கல்லைன்னா மரியாதையா அங்கயே திரும்பிப் போ’ என்று அவன் சொல்லிவிட்டான். மகராசன்!

1953-இல் நாகர்கோவில் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர் வேலைக்கு நேர்முகம். அவளோடு படித்த நானும் மனு போட்டிருந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் மூச்சை இழுத்து இழுத்து அடக்கினாள். விரல் மரத்து, தலை சுற்றியது.

“எலிசா, செத்துருவேம்ட்டி!”

“சாகமாட்டே. இழுக்கது பெருசில்ல, விடுகதுதான் பெருசு. மூக்கால நாலு எண்ணி மெதுவா இழு. வாயைக் குவிச்சு ஆறு எண்ணி விடு. தோளைத் தாழ விடு. ரெண்டு காலும் தரையில பதியட்டும்.”

சர்ச் பாட்டுக் குழுவில் நான் கற்றது அது. ஐந்தாறு தடவை செய்தபின் அவள் விரலில் உணர்ச்சி வந்தது. “உள்ளே தடுமாறினா இதையே ஒரு தடவை செய்யி. பொறவு பேசு,” என்றேன்.

அரைக்கதவுக்கு வெளியே காதை வைத்து நின்றேன். எண்களை வாசிக்கச் சொன்னார்கள். அவளோ கடகடவென்று கொட்டினாள்.

“ஏம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?” என்றார் அதிகாரி.

போச்சு, எல்லாம் போச்சு! பிறகு நீளமாக ஒரு மூச்சு விடும் ஓசை கேட்டது.

“மன்னிக்கணும் ஐயா. முதல்ல இருந்து வாசிக்கேன்.”

இம்முறை ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே சற்று நிறுத்தி, தெளிவாக வாசித்தாள்.

“சரி. லைனில ஒருத்தர் உன்னைக் கண்டபடி ஏசுதார். என்ன செய்வே?”

மறுபடி அந்த மூச்சு.

“அஞ்சு வருஷம் ஏச்சு கேட்டிருக்கேன், ஐயா. அவர் ஏசி முடிக்கது வரை ஒரு மூச்சு விட்டுக்கிட்டு நிப்பேன். பொறவு, எந்த நம்பர் வேணும்னு கேப்பேன்.”

உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயம் போகல்லட்டி. ஆனா பயந்துக்கிட்டே பேச முடிஞ்சு,” என்றாள்.

அடுத்து நான் போனேன். அவளுக்கு அத்தனை பாடம் சொன்ன வாய், உள்ளே இருந்த மூன்று அதிகாரிகளைக் கண்டதும் எண்ணவே மறந்து, கேட்டதற்கெல்லாம் முந்திரிக்கொட்டையாக முந்திப் பதில் உளறியது.

மூன்றாம் வாரம் ஆர்டர் அவளுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. எரிச்சலில் அன்று முழுக்க நான் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. கோலப்பன் அந்த ஆர்டரை இரண்டு முறை வாசித்துவிட்டு, “எப்பம்ளா சேரணும்?” என்று கேட்டானாம். திரும்பிப் போ என்று பிறகு அவன் சொல்லவே இல்லை.