எட்டுக் குதிரைகள் ஆறானபோது

அந்தப் பந்தயக் கடையில் இருபத்து மூன்று வருடமாகக் கணக்கு பார்த்தவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். ஒருமுறை தலைமையகத்திலிருந்து வந்த பட்டியலில் தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்ததைக் கண்டுபிடித்து, கடைக்குப் பெருந்தொகை மிச்சம் பண்ணிக் கொடுத்தாள். முதலாளி மனம் நெகிழ்ந்து ஒரு சுவர்க் காலண்டர் பரிசளித்தார். அது ஆகஸ்ட் மாதம்.

அவள் வேலை, ரேஸ் முடிந்ததும் ஜெயித்த சீட்டுகளை வாங்கி எவ்வளவு தர வேண்டும் என்று சொல்வது. முதல் இரண்டு குதிரைகளை வரிசை மாறாமல் சொன்னால் ஃபோர்காஸ்ட். முதல் மூன்றையும் வரிசையாகச் சொன்னால் ட்ரைகாஸ்ட். அதற்கான தொகையை யாரும் தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. எத்தனை குதிரை ஓடியது, எந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு எத்தனை என்று விலை இருந்தது என்று பார்த்து, ரேஸுக்குப் பிறகு கணக்கிட்டு அறிவிப்பார்கள். இருபத்து மூன்று வருடம் அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத இடம் என்றால் சும்மா விடுவார்களா? முதலாளியின் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

மாப்பிள்ளைக்கு 'வியாபார விரிவாக்க மேலாளர்' என்று பதவி. புள்ளியக்காவுக்குத் தருவதாகப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாடி அறையை அவருக்குக் கொடுத்தார்கள். அங்கே ஏஸி போட்டு, சுழலும் நாற்காலி போட்டு, அதில் சுழன்றபடி மூன்று வாரம் யோசித்து, நான்காவது வாரம் ஒரு திட்டத்தோடு கீழே இறங்கினார்.

திட்டத்தின் பெயர் அதிர்ஷ்டப் புத்தகம். ஓடப்போகும் குதிரைகளின் கடைசிப் பட்டியல் வந்ததும், முதல் மூன்று இடங்களுக்கு எத்தனை விதமான வரிசை உண்டோ அத்தனையையும் இயந்திரம் வரிசைக்கு ஒன்றாகச் சீட்டு அச்சடித்து, மூடி, ஒரே புத்தகமாக்கிவிடும். வாங்குகிறவர் கிழித்துப் பார்த்தால்தான் தனக்கு எந்த மூன்று குதிரை என்று தெரியும். அந்த வரிசையிலேயே வந்துவிட்டால் சீட்டு விலையைப் போல இருநூற்று நாற்பது மடங்கு. முதல் இரண்டு குதிரைக்கு மட்டும் தனியாக ஒரு புத்தகம், அதில் நாற்பது மடங்கு. எந்த ரேஸானாலும் இதே பரிசு. சுவர் முழுக்க மஞ்சளில் விளம்பரம் ஒட்டியாயிற்று.

புள்ளியக்கா அதை ஒருமுறை படித்துவிட்டு மாடிக்குப் போனாள்.

"தம்பி, எத்தனை குதிரைக்கு இந்த இருநூத்து நாப்பது?"

"எத்தனை ஓடினாலும்க்கா. அதானே அழகே. மக்களுக்கு ஒரே நம்பர் மனசுல நிக்கும்."

"எட்டு குதிரைன்னா சரி. முதல் இடத்துக்கு எட்டு பேர், ரெண்டாவதுக்கு மிச்சம் ஏழு, மூணாவதுக்கு ஆறு. பெருக்கினா முந்நூத்து முப்பத்தாறு சீட்டு. அதுல ஒண்ணுக்கு இருநூத்து நாப்பது குடுத்தா நமக்கு நிக்கும். ஏழு ஓடினா இருநூத்துப் பத்து சீட்டுதான். அப்பவே கை நட்டம்."

"ஒரு குதிரைதானேக்கா குறையுது."

"ஆறு ஓடினா நூத்தியிருபது."

மாப்பிள்ளை நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினார். "அக்கா, கணக்கு வேற, வியாபாரம் வேற. நீங்க கணக்கப் பாருங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாது. புள்ளியக்கா கீழே வந்து ஒரு தாளில் இரண்டு வரி எழுதினாள். 'எட்டுக்குக் கீழே குதிரை இருந்தால் புத்தகம் விற்கக் கூடாது. பன்னிரண்டு ஓடினால் சீட்டு ஆயிரத்து முந்நூற்று இருபது. அதற்கு இருநூற்று நாற்பது தருவது அநியாயம்.' கையெழுத்தும் தேதியும் போட்டு முதலாளியின் மேஜையில் வைத்தாள். முதலாளி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார், டீ கிளாஸுக்கு அடியில்.

முதல் மாதம் மாப்பிள்ளையைப் பிடிக்க ஆளில்லை. நல்ல வெயில் காலம். ரேஸுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று குதிரை ஓடிற்று. சீட்டு வாங்கினவர்கள் கிழித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். எப்போதாவது ஒருவருக்கு அடித்தது. அவரை விளம்பரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஆயிரத்து முந்நூறில் ஒன்றைப் பிடித்தவருக்கு இருநூற்று நாற்பது கொடுத்து, அவரையே சிரிக்கவும் வைத்ததுதான் திட்டத்தின் சிறப்பு. முதலாளி சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளையின் தட்டில் தன் கையாலேயே பரிமாறினாராம்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

நான்கு நாள் விடாமல் பெய்ததில் ஓடுதளம் சேறாகிவிட்டது. குதிரைக்காரர்கள் காலை எட்டு மணியிலிருந்தே பெயர்களை வாபஸ் வாங்க ஆரம்பித்தார்கள். முதல் ரேஸில் ஒன்பது எட்டாயிற்று. இரண்டாவது ரேஸில் எட்டு ஆறாயிற்று. இயந்திரம் தன் பாட்டுக்கு மெலிந்த புத்தகம் ஒன்றைத் துப்பியது.

அப்போது கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே பல்செட்டுக்காரர் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் பல்செட் செய்து தருகிறவர். வாரத்துக்கு இரண்டு சீட்டுக்கு மேல் வாங்காத சிக்கனக்காரர். பல்லை எண்ணி எண்ணி, எதையும் எண்ணிப் பார்ப்பதே அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

"ஏம்மா, இன்னைக்கும் இருநூத்து நாப்பதுதானா?"

"சுவத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"ஆறு குதிரைதான் ஓடுது?"

"ஆமாங்க."

அவர் மனசுக்குள் எதையோ பெருக்கினார். மறுபடி ஒருமுறை பெருக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் புத்தகம் முழுசையும் குடுங்க. ரெண்டு குதிரைப் புத்தகமும் சேத்து," என்றார்.

புள்ளியக்கா மாடிக்கு ஃபோன் போட்டாள். "தம்பி, ஒருத்தரே புத்தகம் பூராத்தையும் கேக்கறார். நூத்தியிருபது சீட்டு. குடுத்தா எந்தக் குதிரை வந்தாலும் அவர்தான் ஜெயிப்பார்."

"பூராத்தையுமா?" மாப்பிள்ளையின் குரலில் கெட்டிமேளம் கொட்டியது. "குடுங்கக்கா. நூத்தியிருபதுல நூத்திப் பத்தொம்பது தோத்துடும்ல?"

புள்ளியக்கா ஒரு கணம் ரிசீவரையே பார்த்தாள். அவர் சொன்னதில் பிழையே இல்லை. நூற்றுப் பத்தொன்பது தோற்கத்தான் தோற்றன. ரேஸ் முடிந்து கால் மணி நேரத்தில், இரண்டு புத்தகத்துக்கும் சேர்த்து நூற்று ஐம்பது சீட்டுக் காசு கொடுத்திருந்த பல்செட்டுக்காரர் இருநூற்று எண்பது வாங்கிக்கொண்டு போனார். எந்தக் குதிரை ஜெயித்தது என்றுகூட அவர் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு நட்டம் கண்ணில் படவில்லை. ஒரு புத்தகம் முழுசாக விற்றுத் தீர்ந்தது இதுதான் முதல் தடவை என்பதுதான் பட்டது. ஃபோன் அடித்தது. "அடுத்த ரேஸுக்கு மூணு குதிரைப் புத்தகம் மட்டும் பத்து அடிங்க. தேவை இருக்கறப்ப சரக்கு இல்லேன்னு சொல்லக் கூடாது."

"எழுதி அனுப்புங்க தம்பி."

உடனே எழுதி அனுப்பினார். பெருமையாக, 'பொறுப்பு என்னுடையது' என்றும் சேர்த்து.

பல்செட்டுக்காரருக்கு வாய் நிற்காது, தொழிலே வாய்தானே. மூன்றாவது ரேஸுக்குள் வாசல் வரை வரிசை நின்றது. அதுவும் ஆறு குதிரை ரேஸ். ஆளுக்கொரு புத்தகமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி அடக்கமாக நின்றார்கள். ஆயிரத்து இருநூறு சீட்டு விற்றது. இரண்டாயிரத்து நானூறு சீட்டுக் காசு வெளியே போனது. கவுண்டரில் பரிசுக் காசு எண்ணிக் கொடுத்த பெண்கள் நான்கு பேருக்கும் கை வலித்தது. அந்தப் பெண்களுக்கு மறுநாள் சம்பள நாள்.

நான்காவது ரேஸில் இன்னும் ஒரு குதிரை விலகிற்று. ஐந்து. ஐந்து, நான்கு, மூன்று, அறுபதே சீட்டு. பரிசு அதே இருநூற்று நாற்பது. ஒரு பங்கு போட்டால் நான்கு பங்கு. மாடியிலிருந்து உத்தரவு வந்தது, இருபது புத்தகம்.

புள்ளியக்கா உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்தாலே போதும். அவளிடம் எழுத்து இருக்கிறது. மாடி அறை காலியாகிவிடும். அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சம்பளமும் இதே கல்லாப் பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். கடைக்கோடியில் இருந்த பெண் கைவிரல்களை நீவிக்கொண்டு, "அக்கா, நாளைக்கு வந்துடும்ல?" என்று கேட்டாள். புள்ளியக்கா எழுந்து போய் இயந்திரத்தின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

வரிசை முணுமுணுத்தது. மாப்பிள்ளை படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "யாரக் கேட்டு நிறுத்தினீங்க? வெளிய இத்தன பேர் நிக்கறாங்க!"

"அதனாலதான் தம்பி."

சத்தம் கேட்டு முதலாளியும் வந்துவிட்டார். மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "மாமா, இவங்கதான் ஒருத்தருக்கே பூராத்தையும் வித்திருக்காங்க."

புள்ளியக்கா மாப்பிள்ளை எழுதி அனுப்பிய உத்தரவை மேஜையில் வைத்தாள். முதலாளி இரண்டு தடவை படித்தார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார். அதைப் படிக்க ஒரு தடவை போதுமாக இருந்தது.

"ரெண்டு குதிரை குறைஞ்சதுக்கு இவ்வளவா?"

"எட்டுல ரெண்டு போனா கால்வாசி போச்சுன்னு தோணும் சார். சீட்டு முந்நூத்து முப்பத்தாறுலருந்து நூத்தியிருபதுக்கு வந்துடுது. மூணுல ரெண்டு பங்கு போச்சு. ஃபோர்காஸ்ட்டுல அம்பத்தாறு முப்பதாகும். அது பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்குது. மூணாவது இடம் சேர்ந்தா இன்னும் வேகமா இறங்கும்."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

அவள் முதலாளியின் மேஜைக்குப் போய் அந்தத் தாளை எடுத்து வந்தாள். எழுத்தைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து டீ வளையம் இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். அதற்குமேல் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் சம்பளம் வந்தது, மத்தியானத்துக்கு மேல். மாப்பிள்ளையை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை. மாப்பிள்ளையை எப்படி எடுப்பது? மாமனாரின் இன்னொரு வியாபாரமான டைல்ஸ் கடையில் அதே பதவி. மழை பெய்தாலும் டைல்ஸ் பந்தயத்திலிருந்து விலகாது என்பது ஒரு நிம்மதி.

காலியான மாடி அறைக்குப் புள்ளியக்கா மாறினாள். அறையை அவள் கேட்கவில்லை. குதிரைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதாத பரிசு எதுவும் சுவரில் ஏறக் கூடாது என்று மட்டும் கேட்டாள். முதலாளிக்குச் செலவில்லாத கோரிக்கை, உடனே ஒத்துக்கொண்டார். நூறு சீட்டுக் காசு வந்தால் எழுபத்தைந்து திரும்பப் போகவேண்டும் என்று வைத்துக்கொண்டு ரேஸுக்கு ரேஸ் எழுதினாள். ஆறு குதிரைக்குத் தொண்ணூறு, எட்டுக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு, பன்னிரண்டுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. தானே குதிரையைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறவர்களுக்குப் பழையபடி ரேஸுக்குப் பிறகு அறிவிக்கும் தொகைதான். அவர்கள் நல்ல குதிரையாகப் பார்த்துப் போடுவார்கள். எல்லா வரிசைக்கும் ஒரே பரிசு வைத்தால் மறுபடி பெட்டி காலி.

ஒரு வாரம் கழித்துப் பல்செட்டுக்காரர் வந்தார். புதிய பலகையை மேலிருந்து கீழே படித்தார்.

"ஆறுக்குத் தொண்ணூறா? ரொம்பக் கம்மியா இருக்கேம்மா."

"இதுதான் சரியான கணக்கு."

"சரி. பன்னெண்டுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுன்னு போட்டிருக்கே?"

"ஆமாங்க."

"போன மாசம் பன்னெண்டு ஓடினப்ப எங்களுக்கு இருநூத்து நாப்பதுதானே குடுத்தீங்க?"

புள்ளியக்கா பேனாவைக் கீழே வைத்தாள். அதையும் எழுதித்தான் வைத்திருந்தாள், இரண்டாவது வரியாக. அந்த வரிக்காக ஓர் ஒயரையும் அவள் பிடுங்கவில்லை. அந்த மாதச் சம்பளம் காலையிலேயே வந்துவிட்டிருந்தது.

"ஆமாங்க. அது தப்பு," என்றாள்.

பல்செட்டுக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு சீட்டு வாங்கி, அங்கேயே கிழித்துப் பார்த்து, மூன்று எண்களையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.