பேச்சில்லாத பேரிங் வீடியோ

நாமக்கல்லில் எங்களுடையது ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த விற்பனைக் கடை. கம்பெனியிலிருந்து நேராகச் சரக்கு எடுத்துச் சுற்று வட்டாரக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் அனுப்புகிறோம். கணக்கும் கவுண்டரும் என் பொறுப்பு. சரக்குப் போக்குவரத்தை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு சமயம் கெட்டுப்போன வீல் பேரிங்குகளைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்குகள் வர ஆரம்பித்தார்கள். "உங்க கம்பெனி சரக்குத்தானுங்க, இப்படி ஊளையிடுது" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் அட்டை டப்பா மட்டும்தான் கம்பெனியுடையது, உள்ளே இருப்பது போலி. அதை வண்டியில் மாட்டிய மெக்கானிக்குக்குத்தான் கெட்ட பேர் வந்தது. எத்தனை பேரிடம் தனித்தனியாகச் சொல்வது? ஒரு வீடியோ எடுத்து மெக்கானிக்குகளின் வாட்ஸப் குழுக்களில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பேசியது நான். செல்போனைப் பிடித்தது அவர். டப்பாவில் ஒட்டிய ஹாலோகிராமைச் சாய்த்துப் பார்க்க வேண்டும், அதிலுள்ள க்யூஆர் கோடைக் கம்பெனியின் ஆப்பில் ஸ்கேன் செய்ய வேண்டும், டப்பாவில் உள்ள நம்பரும் பேரிங்கின் வளையத்தில் பொறித்த நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். பழக்கமில்லாததால் இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆனாலும் நிறையப் பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் எடப்பாடியிலிருந்து ஒரு தம்பதி பைக்கில் வந்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்துக்குள்தான் வயது இருக்கும். கணவர் கவுண்டருக்கு எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் பேசினார்.

"ஏனுங்க அக்கா, அந்த வீடியோவுல பேசறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"இவருக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க. சரக்கு வண்டிங்க பாக்கற பட்டறை வெச்சிருக்காரு. எதிர்ல பேசறவங்க வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாருங்க. உங்க வீடியோவ எத்தன தரம் போட்டுப் பாத்தாருன்னு தெரியாது. ஆனா நீங்க டப்பாவக் காட்டறப்ப எல்லாம் குனிஞ்சுக்கறீங்க. வாயி தெரியறதில்ல. நானே சொல்லிருவேன், ஆனா எனக்கு அதுல பாதி புரியல. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

குறையாக அவர் இதைச் சொல்லவில்லை. இருவரையும் உட்காரச் சொன்னேன். டீ வந்தது.

நடந்ததை அந்தப் பெண் சொன்னார். பக்கத்தில் தறிப் பட்டறை வைத்திருக்கிறவரின் சரக்கு வண்டிக்கு இவர் புது வீல் பேரிங் போட்டிருக்கிறார். மாதம் முடிவதற்குள் வண்டி வேகம் எடுத்தால் ஊளைச் சத்தம். தறிக்காரர் பட்டறைக்கு வந்து நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறார்.

"காது கேக்காதவன் கிட்ட வண்டிய உட்டது என் தப்புன்னு சொன்னாருங்க. இவரு என்னயப் பாத்து, என்ன சொல்றாருன்னு கையக் காட்டிக் கேட்டாரு. சத்தம் வருதாம்னு மட்டும் சொன்னேன். மத்தத சொல்லல."

கணவர் இப்போதும் மனைவியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டது அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் மெதுவாகக் கையை நீட்டி மனைவியின் டீ டம்ளரை மேசையின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தார்.

பிறகு பையிலிருந்து அந்தப் பேரிங்கை எடுத்து வைத்தார். டப்பாவையும் கொண்டுவந்திருந்தார். ஆப்பில் ஸ்கேன் செய்தேன். அந்த க்யூஆர் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. யாரோ நல்ல பேரிங்கை எடுத்துக்கொண்டு தூக்கிப் போட்ட டப்பா. பழைய காகிதக்காரர் வழியாகப் போய், போலியை நிரப்பிக்கொண்டு திரும்பியிருக்கிறது. வளையத்தில் இருந்த எழுத்தும் ஆழமில்லாமல் மங்கலாக இருந்தது. ஒரு நம்பர் டப்பாவோடு ஒத்துப்போகவில்லை. பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்ததும் எழுத்து பாதி அழிந்தது. எங்கள் சரக்கில் ஒன்றை எடுத்து அதே மாதிரி தேய்த்துக் காட்டினேன். லேசரில் பொறித்த எழுத்து அப்படியே நின்றது.

அவர் இரண்டையும் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். முகம் தெளிந்தது. மனைவியிடம் விரல்களால் வேகமாக என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாருங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"என் வேலையில தப்பு இல்லைங்கறாருங்க" என்றார் அந்தப் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது என் வீட்டுக்காரர், "இன்னொரு வீடியோ எடுப்போம். பேச்சே வேண்டாம்" என்றார். பொதுவாக இப்படியெல்லாம் அவராக எதையும் ஆரம்பிக்கிறவரல்ல.

கவுண்டரைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தோம். இடது பக்கம் நல்லது, வலது பக்கம் போலி. நான் டப்பாவைக் காட்டிவிட்டுச் சட்டென்று கையை எடுத்தேன். அந்த மெக்கானிக் தலையை ஆட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"பாக்கறவங்களுக்கு நேரம் குடுங்கங்கறாருங்க" என்றார் மனைவி.

அடுத்த முறை ஹாலோகிராமை மெதுவாகச் சாய்த்தேன். நிறம் மாறுவது திரையில் தெரிந்தது. எழுத்தைக் காட்டும்போது என் விரல் மறைத்தது. சுட்டிக் காட்ட அவர் ஒரு ஊசியை எடுத்துத் தந்தார். கடைசியில் பேரிங் பகுதி முழுக்க அவர் கைகளாலேயே எடுத்தோம். கிரீஸ் கறை போகாத விரல்களில் எழுத்தைத் தொட்டுக் காட்டி, துணியால் தேய்த்து, அழிவதைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் நின்றார். முடிவாக என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் காலி டப்பாவைக் கையில் எடுத்து, கணவரைப் பார்த்துக்கொண்டே நாலாகக் கிழித்தார். வேலை முடிந்ததும் டப்பாவைக் கிழித்துவிட்டால் யாரும் அதில் போலியை நிரப்ப முடியாது. அதையே கடைசிக் காட்சியாக வைத்தோம். அடியில் பெரிய எழுத்தில் தமிழில் வரிகள் சேர்த்தேன். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் பில்லோடு வாங்குங்கள், சந்தேகம் என்றால் எங்களுக்குப் படம் அனுப்புங்கள் என்பதும் அதில் ஒரு வரி.

இந்த வீடியோ முதல் வீடியோவைவிட அதிகம் சுற்றியது. பட்டறைகளில் கம்ப்ரசர் ஓடும்போது பேச்சு யாருக்குமே கேட்காது என்று அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். கணவர் புது பேரிங் வாங்கி மாட்டிவிட்டு, தறிக்காரரைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினாராம். பிறகு ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைச் சுற்றவிட்டு, தறிக்காரரின் கையைப் பிடித்து அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்பிரிங் மேல் வைத்தாராம். பேரிங் கெட்டிருந்தால் அங்கே கரகரவென்று உதறும், நன்றாக இருந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது.

"தறிக்காரரு ரொம்ப நேரம் கைய எடுக்கலீங்க அக்கா. அப்புறம் வாயத் தெறந்து நிறுத்தி நிறுத்திப் பேசினாரு. இவருக்குப் புரியணும்னுதான் அப்படிப் பேசினாரு. நான் எதயும் சொல்லித்தர வேண்டியிருக்கல."

"என்ன சொன்னாரு?"

"மத்த வண்டியையும் கொண்டாரேன்னாருங்க."

பின்னால் பட்டறையில் சுத்தியலால் இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. "இருங்க அக்கா, இவருதான் தட்டிக் கூப்பிடறாரு, வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.