“அப்ப வேண்டாம்தானே?”

முன்னும் பின்னும் ஒன்றும் இல்லாமல், “அப்புறம் படுக்கையறை?” என்று மட்டும் கைப்பேசிக்குச் செய்தி வந்தால் என்ன பதில் போடுவது? அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெயின்டர் மாமாவுக்கு மட்டும் தெரிந்தது மாதிரி இருந்தது. “சரிங்க டீச்சர்” என்று போட்டுவிட்டார்.

அது மாமா தனியாக எடுத்த முதல் வேலை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வேலை முடியும்வரை அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தார். மாமா ஹாலில் பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் அடித்து முடிப்பதற்குள் இன்னொரு செய்தி: “அதோட கதவும்?” அதற்கும் “சரிங்க.”

ஐந்தாம் நாள் காலை, படுக்கையறைக்கான பெயின்ட் வாளியைத் திறந்து தண்ணீர் கலந்துகொண்டிருந்தபோது வந்தது: “அப்ப வேண்டாம்தானே?”

மாமா உடனே அத்தைக்குப் போன் போட்டார்.

“எது வேண்டாம்னு கேட்டுடுங்களேன்.”

“இவ்ளோ நாள் சரி சரின்னுட்டு இப்ப கேட்டா, மேஸ்திரிக்கு ஒண்ணும் புரியலன்னு நினைக்க மாட்டாங்களா?”

“ஏன், புரிஞ்சா போட்டீங்க? உங்க மானம் வாளிக்குள்ளயா இருக்கு? போய்க் கேளுங்க!”

தப்பாக அடித்தால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? பிரஷ்ஷை வாளிமேல் வைத்துவிட்டு டீச்சரைப் பார்க்கப் போனார்.

டீச்சருக்குக் கோபம். “அவ்ளோ விவரமா பேசி அனுப்பினேனே தம்பி! நீங்களும் சரின்னீங்களே!”

மாமா தன் கைப்பேசியைக் காட்டினார். அதில் ஒரு குரல் பதிவுகூட இல்லை.

“எனக்கு அனுப்பத் தெரியாதா? இதோ பாருங்க.” டீச்சர் மைக் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். கூடத்தில் நடந்துகொண்டே பேசினார். நடக்க நடக்க விரல் மெல்ல இடப்பக்கம் நழுவியது. பதிவு திரையில் தோன்றிய குப்பைத்தொட்டிக்குள் போய் விழுந்தது. கண்ணாடி போடாத டீச்சர் அதைக் கவனிக்காமல், பேசும்போது விட்டுப்போனதை எழுத்தில் தட்டத் தொடங்கினார்: “அப்புறம் ஜன்னல்...”

“டீச்சர், நிறுத்துங்க! பேசினதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு. எனக்கு வர்றது வால் மட்டும்தான்.”

டீச்சர் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்ப படுக்கையறைச் சுவருக்குள்ள குழாய் கசியுது, பிளம்பர் வந்து பார்க்கிற வரைக்கும் பெயின்ட் வேண்டாம்னு சொன்னது?”

“வேண்டாம்கிறது மட்டும் வந்துச்சு.”

இரண்டு கோட்டு அடித்திருந்தால் மாதம் திரும்புவதற்குள் கொப்புளம் கொப்புளமாய் உரிந்திருக்கும். பெயர் கெட்டிருக்கும்.

“புரியலன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே தம்பி? வகுப்புல கையே தூக்காத பையன் மாதிரி!”

மாமா தலையைச் சொறிந்தார். பிறகு, பொத்தானை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம், கடைசியில் அனுப்பும் அம்புக்குறியைத் தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

இப்போது டீச்சரிடமிருந்து ஏழு நிமிடப் பதிவுகள் வருகின்றன. மாமா ஏணிமேல் நின்று முழுவதையும் கேட்கிறார். புரியாவிட்டால் உடனே கேட்டும்விடுகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி வால் மட்டும் அனுப்புகிறவரோ, புரியாமலே “சரி” போடுகிறவரோ இருந்தால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து முதலிலிருந்து சொல்லுங்கள்.