படத்துக்குள் இருந்த முகவரி

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் நானும் என்னைவிட வயதில் இளைய கூட்டாளியும்தான். வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்து விற்கும் பெண்களுக்காக ஒரு இணையதளம் கட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் போனிலிருந்து படம் ஏற்றுவார்கள். படம் ஒரு பக்கெட்டில், அதாவது இணையத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்தில், வந்து விழுந்ததும், கிளவுடில் தூங்கிக்கொண்டிருக்கும் சின்ன நிரல் விழித்து, அதை மூன்று அளவுகளில் சுருக்கி, ஊர் பார்க்கிற வேறொரு பக்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். தனியாக சர்வர் வைத்துக் கட்டிக்காக்கும் தொல்லை இல்லை. வந்த பக்கெட்டிலேயே போட்டால், தான் போட்ட படத்துக்குத் தானே விழித்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். அதை முன்கூட்டியே யோசித்து இரண்டு பக்கெட் வைத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

சோதனைக்குச் சேர்ந்தவர்களில் ஒருத்தி பசுமலையில் ஒற்றை அறையில் இருந்தாள். எழுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் அரிவாளைத் தூக்கிய அன்று கட்டிய சேலையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். படம் ஏற்றக் கற்றுக்கொடுக்க அவள் அறைக்கு நானே போயிருந்தேன். அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, நான் இருக்குற எடம் வெளிய தெரியாதுல்ல? அவரு இன்னும் தேடிக்கிட்டுத்தேன் இருக்காரு."

"கடைப்பேரு மட்டும்தான் வரும். பயப்படாத," என்றேன்.

முதலில் வந்த தலைவலி வேறு. நிமிர்த்தி எடுத்த படங்கள் சுருக்கியதும் படுத்துக்கொண்டன. பல போன்கள் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. 'இதைத் திருப்பிக் காட்டு' என்று படத்துக்குள்ளேயே ஒரு குறிப்பை எழுதி வைக்கும். எங்கள் நிரல் சுருக்கும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துபோனது. மூலப்படத்தில் உள்ள குறிப்புகள் அத்தனையையும் சின்னப் படத்துக்கும் நகலெடுக்கும்படி கூட்டாளி ஒரு வரி சேர்த்தான். படங்கள் நிமிர்ந்தன. நானும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

சில நாள் கழித்து, சின்னப் படங்கள் இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருக்கின்றனவே என்று அவளுடைய படம் ஒன்றை இறக்கி, அதன் விவரங்களைத் திறந்தேன். போன் மாடல், தேதி, அதன் கீழே ஒரு வரைபடம். வரைபடத்தில் ஒரு புள்ளி. பெரிதாக்கினேன். பசுமலை. அவள் தெரு. நான் போய் உட்கார்ந்த அதே வீடு.

திரையைக் கூட்டாளி பக்கம் திருப்பினேன்.

"டேய், அந்தக் குறிப்போட ஜிபிஎஸ்ஸும் சேந்து போயிருக்குடா!"

எட்டிப் பார்த்தவன், "ஏக்கா, இதெல்லாம் யாரு தொறந்து பாக்கப் போறா?" என்றான்.

"தேடுறவன் பாப்பான். மொதல்ல பக்கெட்டப் பூட்டு." கத்தியதில் கீழே கடையில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வெளியார் யாரும் படம் பார்க்க முடியாதபடி பக்கெட்டைப் பூட்டினோம். பிறகு நிரலை மாற்றினோம். திருப்பச் சொல்லும் குறிப்பைப் படித்துப் படத்தையே திருப்பிவிட வேண்டும். அதன்பின் நிறத்துக்கான விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் உதறிவிட வேண்டும். மூலப்படங்களை மறுபடி அதற்குள் விட்டு, பழைய நகல்களின் மேலேயே எழுதினோம். புதுப் படத்தைத் திறந்து பார்த்தேன். வரைபடம் இல்லை.

ஆனால் அதற்குமுன் போனவை போனவைதான். பக்கெட்டின் பதிவுகளைப் பார்த்தேன். அவள் படங்களை எங்களைத் தவிர வேறு யாரோ திறந்திருந்தார்கள். சேலைக்குப் பொருத்தம் பார்த்த பெண்ணாக இருக்கலாம். அவனாகவும் இருக்கலாம். பதிவில் பெயர் இல்லை, திறந்த இணைப்பின் எண்தான் இருந்தது. உடனே ஆட்டோ பிடித்துப் பசுமலைக்குப் போனேன். அவள் தெருவில் நின்ற ஒவ்வொரு ஆணையும் உற்றுப் பார்த்தேன்.

சொன்னதும் அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

"போன வாரம் ஒரு ஆளு, எந்த ஏரியாவுல தைக்கிறீகன்னு மெசேஜ் போட்டிருந்தான். பதில் போடல. அதுக்கப்புறம் அவன் கேக்கவே இல்லக்கா," என்றாள்.

ஏன் கேட்காமல் விட்டான், படத்திலேயே இடம் கிடைத்துவிட்டதோ என்று இரண்டு பேருமே யோசித்தோம். அவள் எழுந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

பொழுது சாய்வதற்குள் அறையைக் காலி செய்தாள். நான் வந்த ஆட்டோவிலேயே மெஷினை ஏற்றினோம். நானும் ஏறப்போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வராதீகக்கா. எங்க போறேன்னு உங்களுக்கும் தெரிய வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி. ஆட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு வாரம் எங்கள் தளத்தில் அவள் கடையில் அசைவே இல்லை. அந்த இரண்டு வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலையில் பச்சைப் பட்டு பிளவுஸ் ஒன்று வந்து விழுந்தது. நிரல் விழித்து மூன்று நகல்களைப் போட்டது. மூன்றையும் இறக்கி, ஒவ்வொன்றாக விவரங்களைத் திறந்து பார்த்தேன். இடம் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அவளுடைய புது இடம் பதிந்திருக்கக்கூடிய மூலப்படம் முதல் பக்கெட்டில் இருந்தது, அதைத் திறக்கும் சாவி என்னிடம் இருந்தது. அதைத் திறக்காமல் அழித்தேன்.