பாய்லர் எடுத்த லீவு

பெங்களூரில் தண்டு என்கிற கண்டோன்மென்ட் பகுதியில் ஒரு நூல் மில்லில் ஆம்ப்ரோஸ் பதினெட்டு வருஷம் சம்பளக் குமாஸ்தாவாக இருந்தார். 1938இல் ஒரு சம்பள நாளன்று நூற்புத் தொழிலாளி சவரியம்மா சீட்டோடு வந்தாள்.

“ரெண்டு நாள்தான் வரல, அய்யா. எப்டி ரெண்டே கால் ரூபா புடிச்சாங்க?”

சீட்டு ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் இருந்தது. ஆங்கிலம் தெரியாதது அவள் குற்றம். ஆனாலும் மானேஜர் சேஷகிரி தயாள குணம் உள்ளவர்.

“இந்தப் பிடித்தக் கணக்கைத் தமிழ்ல எழுதி போர்டுல ஒட்டுங்க, ஆம்ப்ரோஸ். இனி ஒருத்தரும் கேட்டு வரக்கூடாது.”

ஆம்ப்ரோஸ் எழுதினார்:

ஒன்று: மாதச் சம்பளம் 19 ரூபாய் 8 அணா, ரூபாய்க்கு 16 அணா வீதம் 312 அணா. வேலை நாள் 26. 312ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 12 அணா.

இரண்டு: வராத நாள் 2. பிடித்தம் 24 அணா.

மூன்றாவதில் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு உள்ளதை எழுதினார்: பாய்லர் பழுதான நாள் 1. தொழிலாளி வந்தார், பாய்லர் வேலை செய்யவில்லை. பிடித்தம் 12 அணா.

மொத்தம் 36 அணா, அதாவது 2 ரூபாய் 4 அணா.

சாயங்காலம் போர்டின் முன்னால் முந்நூறு பேர் நின்றார்கள். மறுநாள் காலையில் ஒருவரும் இயந்திரத்தைத் தொடவில்லை. மத்தியானத்துக்குள் அந்த மூன்றாவது பிடித்தம் வெறும் எழுத்துப் பிழை என்று மானேஜர் கண்டுபிடித்து, ஆளுக்குப் பன்னிரண்டு அணா திருப்பிக் கொடுத்தார்.

தெளிவாக எழுதியதற்குப் பரிசாக ஆம்ப்ரோஸைப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். சவரியம்மா அங்கேயும் வந்து விசாரித்தாள்.

“உங்களுக்கு எவ்ளோ கொறச்சாங்க?”

“மாசம் மூணு ரூபா. இதுக்கு மட்டும் கணக்கு எழுதித் தரல” என்று சிரித்தார் ஆம்ப்ரோஸ்.